‘உடனடியாகத் தேவை’: அக்கவுண்ட்ஸ் வேலை விளம்பரத்துக்கு எழுதும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் சின்ன, நடுத்தர பனியன் கம்பெனிகளில் அக்கவுண்ட்ஸ் பார்த்து வருகிறேன். சில வருடங்களாக எங்கள் ஆபீஸுக்கு ஆள் எடுக்கும் விளம்பரத்தையும் நானே எழுதுகிறேன். தம்பி, தங்கைகள் விளம்பரத்தை வாட்ஸப்பில் அனுப்பி “இதுக்கு அப்ளை பண்ணலாமா?” என்று கேட்கும்போது சொல்வதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

பேசுவதற்கு ஒரு மாதிரி இருந்தால் வசதி. ஜூலை 8ஆம் தேதி வந்த விளம்பரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் தினம் பார்க்கும் வகைதான்:

“உடனடியாகத் தேவை. அக்கவுண்ட்ஸ் கம் அட்மின், ஆண் / பெண். டாலி, ஜிஎஸ்டி தெரிந்திருக்க வேண்டும். அலுவலகம் சார்ந்த அனைத்து வேலைகளும். அனுபவம் 0 முதல் 5 வருடம். டூவீலர் இருந்தால் நல்லது. சம்பளம் தகுதிக்கேற்ப. அவிநாசி ரோடு, திருப்பூர்.”

“உடனடியாகத் தேவை”ன்னு போட்டா அது நல்லதா கெட்டதா?

முதலில் விளம்பரம் வந்த தேதியைப் பாருங்கள். அக்கவுண்ட்ஸ் வேலையில் அவசரத்துக்குப் பெரும்பாலும் ஒரு தேதி இருக்கும். மாதாமாதம் ரிட்டர்ன் போடும் கம்பெனி என்றால் 7ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும், 11ஆம் தேதி GSTR-1, 15ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ, 20ஆம் தேதி GSTR-3B. ஜூலை என்றால் இதோடு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான டிடிஎஸ் ரிட்டர்னும் மாதக் கடைசியில் நிற்கும். ஜூலை 8ஆம் தேதி ஒருவர் “உடனடியாக” என்று எழுதுகிறார் என்றால், பெரும்பாலும் 11க்கும் 20க்கும் ஆள் இல்லாமல் முழித்துக்கொண்டிருக்கிறார்.

அதே வார்த்தை ஏப்ரல் முதல் வாரத்தில் வந்தால் புதுக் கணக்கு வருடத்தோடு புது ஆளைச் சேர்க்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள இடம் உண்டு. செப்டம்பர் முதல் வாரத்தில் வந்தால் வருமான வரி ஆடிட் கெடு நினைவுக்கு வரவேண்டும். அது வழக்கமாகச் செப்டம்பர் 30. சில வருடம் தள்ளிப்போடுவார்கள், ஆனால் ஆடிட்டர் ஆபீஸ் நெருக்குவது ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும். அப்போது சேருபவருக்கு முழு வருட லெட்ஜரையும் சரிபார்க்கும் வேலை காத்திருக்கும்.

அவசரம் என்பதாலேயே விலக வேண்டியதில்லை. தேங்கிய வேலையைத் தூக்கி நிறுத்தத் தெரிந்தவருக்கு அந்த நேரத்தில்தான் மதிப்பு அதிகம், சம்பளம் பேசவும் இடம் கிடைக்கும். என்ன தேங்கிக் கிடக்கிறது என்று தெரியாமல் போய் உட்காருவதுதான் ஆபத்து.

அந்தக் கம்பெனில என்ன நிலவரம்னு வெளியிலிருந்தே எப்படித் தெரிஞ்சுக்கறது?

அக்கவுண்ட்ஸ் ஆட்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. gst.gov.in தளத்தில் “Search Taxpayer” என்ற பகுதிக்குப் போய் கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணைப் போடுங்கள். லாகின் தேவையில்லை. என்ன பெயரில் பதிவு, எந்தத் தேதியில் பதிவு, தனி உரிமையாளரா பார்ட்னர்ஷிப்பா, பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்றெல்லாம் வரும். கீழே “Show Filing Table” என்று ஒரு பட்டன் இருக்கும். அதைத் திறந்தால் ஒவ்வொரு மாத GSTR-1, GSTR-3B எந்தத் தேதியில் தாக்கல் ஆனது என்று தெரியும்.

ஜிஎஸ்டி எண் 15 இலக்கம் கொண்டது, தமிழ்நாட்டில் 33 என்று தொடங்கும். கம்பெனியின் பில்லில் இருக்கும், பல நேரம் அவர்கள் இணையதளத்தின் அடியிலும் இருக்கும். வாசல் பெயர்ப் பலகையிலும் போட வேண்டும் என்பது விதி. அந்த வழியாகப் போகும்போது ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் போதும்.

இப்போது நம் மாதிரி விளம்பரத்துக்கு வருவோம். அட்டவணையில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: பிப்ரவரி, மார்ச் மாதங்களின் GSTR-3B கெடுவுக்குள் போயிருக்கிறது. மே 20க்குள் போகவேண்டிய ஏப்ரல் மாத ரிட்டர்ன் ஜூன் 14 அன்று போயிருக்கிறது. ஜூன் 20க்குள் போகவேண்டிய மே மாதத்துக்குத் தாக்கல் தேதியே இல்லை.

எனக்கு இதில் தெரிவது இதுதான். மார்ச் வரை நறுக்கென்று வேலை பார்த்த ஒருவர் இருந்தார். மே மாதத்தில் எப்போதோ போய்விட்டார். ஏப்ரல் ரிட்டர்னை யாரோ தட்டுத்தடுமாறி 25 நாள் தாமதமாகப் போட்டிருக்கிறார்கள், நாளுக்கு 50 ரூபாய் வீதம் 1,250 ரூபாய் தாமதக் கட்டணம் போயிருக்கும், வரி பாக்கி இருந்தால் வட்டி தனி. மே மாதத்தைப் போடாமல் ஜூன் மாத GSTR-1 போட முடியாது. அடுத்தடுத்து இரண்டு மாதம் GSTR-3B போகாவிட்டால் இ-வே பில் எடுக்க முடியாமல் அடைத்துவிடுவார்கள். அதாவது ஜூலை 20 தாண்டினால் துணியும் பண்டலும் வண்டி ஏறுவதில் சிக்கல் வரும். முதலாளி இரண்டு மாதம் சமாளித்துப் பார்த்துவிட்டு 8ஆம் தேதி ஏன் “உடனடியாக” என்று எழுதினார் என்பது இப்போது புரிந்திருக்கும்.

ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். வருட விற்பனை 5 கோடி ரூபாய்க்குள் உள்ளவர்கள் GSTR-3B-யை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் திட்டத்தில் இருக்கலாம். அவர்கள் அட்டவணையில் இடைவெளி இருப்பது குற்றமில்லை. மார்ச், ஜூன், செப்டம்பர் என்று காலாண்டுக் கடைசி மாதங்கள் மட்டும் வரிசையாக இருந்தால் அந்த வகை. மேலே சொன்ன தேதிகளும் அவர்களுக்கு அப்படியே பொருந்தாது.

ஜிஎஸ்டி தாமதமா போட்டிருந்தா அந்தக் கம்பெனியே வேண்டாம்னு விட்டுடலாமா?

ஒரு மாதம், இரண்டு மாதம் பிசகியிருந்தால் ஆள் போன அடையாளம். ஆள் போவது எங்கும் நடப்பதுதான். இரண்டு வருடமாக ஒரு மாதம்கூடக் கெடுவுக்குள் போகவில்லை என்றால் அது கையில் பணம் புரளாத கம்பெனி. வரி கட்டவே காசு இல்லாதவர் உங்கள் சம்பளத்தை எந்தத் தேதியில் போடுவார் என்று யோசியுங்கள். நான் இந்த இரண்டாவது வகைக்கு எழுதச் சொல்லமாட்டேன்.

“அலுவலகம் சார்ந்த அனைத்து வேலைகளும்”னா என்ன அர்த்தம் அண்ணா?

பத்துப் பேர் ஆபீஸில் எல்லோரும் எல்லாம் பார்ப்பது சகஜம். கூரியர் வாங்குவதோ, வருகிறவர்களுக்கு டீ சொல்வதோ பெரிய விஷயமில்லை. ஆனால் விளம்பரத்தின் மற்ற வார்த்தைகளோடு சேர்த்துப் படித்தால் அந்த “அனைத்து” எந்தப் பக்கம் சாய்கிறது என்று கொஞ்சம் பிடிபடும்.

நம் மாதிரியில் “டூவீலர் இருந்தால் நல்லது” என்று இருக்கிறது. டாலியில் என்ட்ரி போடுகிறவருக்கு வண்டி எதற்கு? பேங்குக்குப் போக, ஆடிட்டர் ஆபீஸுக்குப் பில் ஃபைல் கொண்டுபோக, நிட்டிங், டையிங் யூனிட்டுகளில் டெலிவரி சலான் வாங்கிவர, சில இடங்களில் பாக்கி வசூலுக்கும். நாளில் பாதி ரோட்டில் போனால் என்ட்ரி மாலை ஆறு மணிக்குத்தான் தொடங்கும். அதனால் இந்த ஊரில் வண்டி கேட்கும் அக்கவுண்ட்ஸ் வேலை எதுவானாலும் பெட்ரோல் காசு யாருடையது என்று பேச்சில் கேட்டுவிடச் சொல்வேன்.

அடுத்து அந்த “கம்”. முன்பு இரண்டு பேர் பார்த்த வேலையை ஒருவரிடம் கொடுக்கப்போகிறார்கள், அல்லது அக்கவுண்ட்ஸ் வேலை ஒரு முழு ஆளுக்குப் போதாது. இரண்டில் எது என்பது நிறைய மாற்றும். இரண்டாவது என்றால் நிம்மதியான வேலை, ஆனால் அக்கவுண்ட்ஸில் பெரிதாக வளர முடியாது. முதலாவது என்றால் நிறைய கற்றுக்கொள்ளலாம், உடம்பு வாங்கும். எழுதும்போது கேட்பதற்கு நல்ல கேள்வி இதிலேயே கிடைத்துவிடுகிறது.

பின்னலாடைக் கம்பெனிகளுக்கே உரிய ஒன்று: தொழிலாளர்களுக்கு வாரச் சம்பளம், பெரும்பாலும் சனிக்கிழமை மாலை. பீஸ் ரேட் கணக்கைக் கூட்டி, கவர் போட்டு முடிக்கும் வரை அக்கவுண்ட்ஸ் ஆள் கிளம்ப முடியாது. விளம்பரத்தில் வேலை நேரமே இல்லாமல் “அட்மின்” மட்டும் இருந்தால் அந்தச் சனிக்கிழமை ராத்திரி உங்களுடையது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

0 முதல் 5 வருட அனுபவம்னு போட்டிருக்காங்க. ஃப்ரெஷர் நான் எழுதலாமா?

எழுதலாம், ஆனால் அந்த எண்ணின் பொருள் தெரிந்து எழுதுங்கள். புதிதாக வந்தவர் செய்யும் வேலையும் ஐந்து வருடம் பார்த்தவர் செய்யும் வேலையும் ஒன்றாக இருக்க முடியாது. இரண்டையும் ஒரே வரியில் எழுதுகிறார்கள் என்றால் என்ன வேலை என்று முடிவு செய்யவில்லை, வருபவரைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று இருக்கிறார்கள். “சம்பளம் தகுதிக்கேற்ப” என்பதும் அதே மனநிலைதான்.

ஃப்ரெஷருக்கு நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: அங்கே சொல்லிக்கொடுக்க ஒருவர் இருக்கிறாரா? ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஆடிட்டர் ஆபீஸில் போகிறது, நீங்கள் என்ட்ரி மட்டும் என்றால் தைரியமாகச் சேரலாம். ரிட்டர்னும் நீங்களே, கேட்பதற்கும் யாரும் இல்லை, ஜூலை 20 நெருங்குகிறது என்றால் முதல் வேலையாக அது வேண்டாம். தப்பாக எடுத்த இன்புட் கிரெடிட்டுக்குப் பின்னால் நோட்டீஸ் வரும். உங்களை அதற்குப் பொறுப்பாக்கிப் பேசும்போது பதில் சொல்ல உங்களிடம் அனுபவம் இருக்காது.

விளம்பரத்துல இல்லாதது ஏதாவது சொல்லுமா?

நிறையச் சொல்லும். நான் முதலில் தேடுவது “பிஎஃப், இஎஸ்ஐ உண்டு” என்ற வார்த்தையை. பொதுவாக 10 பேர் இருந்தாலே இஎஸ்ஐ வரும், 20 பேர் இருந்தால் பிஎஃப் வரும். கம்பெனி போட்டோவில் நாற்பது தையல் மெஷின் ஓடுகிறது, விளம்பரத்தில் இரண்டையும் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்றால் கேட்டே ஆக வேண்டும். இருந்தால் சம்பளக் கணக்கும் மாறும். 20,000 ரூபாய் சம்பளத்தில் பேசிக் 15,000 என்றால் பிஎஃப் 1,800, இஎஸ்ஐ 150 பிடித்து 18,050 கைக்கு வரும். “20,000 கையில்” என்கிறார்களா, “20,000, அதில் பிடித்தம் உண்டு” என்கிறார்களா என்பதில் மாதம் கிட்டத்தட்ட இரண்டாயிரம் இருக்கிறது.

அடுத்தது கம்பெனி பெயர். பெயர் இல்லாமல் போன் நம்பர் மட்டும் இருந்தால் பெரும்பாலும் இடையில் ஒரு கன்சல்டன்சி இருக்கும். ரெஸ்யூமே அனுப்பும் முன், அவர்கள் கட்டணத்தை யார் கொடுப்பது, கம்பெனியா நீங்களா என்று கேளுங்கள். பழைய ஆள் சீட்டில் இருக்கும்போதே ரகசியமாக ஆள் தேடும் கம்பெனிகளும் பெயரை மறைப்பதுண்டு. எப்படி இருந்தாலும் இன்டர்வியூவுக்குப் போகும் முன் பெயரைச் சொல்லிவிட வேண்டும்.

ஒரே விளம்பரம் திரும்பத் திரும்ப வருதே?

போன் நம்பரை அப்படியே கூகுளில் போட்டுத் தேடுங்கள், வாட்ஸப் வேலைவாய்ப்பு குரூப்பிலும் மேலே தேடிப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே வேலைக்கு அதே வார்த்தைகளில் வந்திருந்தால் சேர்ந்தவர்கள் நிற்கவில்லை. ஒரே விளம்பரம் ஒரு மாதமாக இடைவிடாமல் ஓடுகிறது என்றால் அது வேறு, சொல்லும் சம்பளத்துக்கு யாரும் வரவில்லை. இரண்டாவது வகையில் பேசிப் பார்க்க இடம் இருக்கிறது.

உங்களுக்கு இப்படி மாட்டின அனுபவம் இருக்கா?

இருக்கிறது. எனக்கு இரண்டு வருட அனுபவம் இருந்தபோது ஒரு கம்பெனியில் “உடனடியாக” என்று பார்த்து, நேரில் போய், மறுநாளே சேர்ந்தேன். முதலாளி மரியாதையானவர், அதைக் குறை சொல்லமாட்டேன். மூன்றாவது நாள்தான் மேஜைக்கு அடியில் இருந்த அரிசிச் சாக்கைக் காட்டினார்கள். நான்கு மாதப் பர்ச்சேஸ் பில் உள்ளே இருந்தது. சிலது எண்ணெய்க்கறை, சிலது டையிங் தண்ணீர் பட்டு எழுத்தே அழிந்தது. டாலியில் ஏப்ரலோடு என்ட்ரி நின்றிருந்தது.

அதைக்கூடப் பார்த்துவிடலாம். ஜிஎஸ்டி தளத்தில் லாகின் பண்ணினால் ஓடிபி பழைய அக்கவுண்டண்டின் போனுக்குப் போனது. அவர் சம்பளப் பாக்கி இருக்கிறது என்று கோபத்தில் இருந்தார், போன் எடுக்கவில்லை. நம்பரை மாற்றிய பிறகுதான் வேலையே தொடங்கியது, அதற்கே இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் “என்னப்பா, இன்னும் ரிட்டர்ன் போகலையா?” என்ற கேள்வியை நான்தான் தினம் காலையில் வாங்கினேன்.

விளம்பரம் பார்த்த அன்று அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தால் அந்த அட்டவணையிலேயே தேக்கம் தெரிந்திருக்கும். அப்போது சேராமல் இருந்திருப்பேனா தெரியாது, வீட்டு நிலைமை அப்படி. ஆனால் “நான்கு மாத என்ட்ரி பாக்கியை முடிக்க இரண்டு மாதம் ஆகும், அதுவரை உதவிக்கு ஒருவர் வேண்டும்” என்று முதல் நாளே பேசியிருப்பேன்.

சரி, இதெல்லாம் பார்த்துட்டேன். முதல் மெசேஜ்ல என்ன எழுதறது?

தெரிந்துகொண்டதை எல்லாம் கொட்டாதீர்கள். “உங்கள் மே மாத ரிட்டர்ன் போகவில்லை, பார்த்தேன்” என்று எழுதினால் யாருக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. தெரிந்ததை வைத்து உங்கள் அனுபவத்தில் எந்தப் பகுதியை முன்னால் வைப்பது என்று முடிவு செய்யுங்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நம் மாதிரி விளம்பரத்துக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“வணக்கம். அக்கவுண்ட்ஸ் கம் அட்மின் வேலைக்கான விளம்பரம் பார்த்தேன். இரண்டரை வருடமாக ஒரு பிரிண்டிங் யூனிட்டில் டாலி என்ட்ரி, பேங்க் ரீகன்சிலியேஷன், GSTR-1 தயாரிப்பு ஆகியவற்றைத் தனியாகப் பார்க்கிறேன். GSTR-3B ஆடிட்டர் மேற்பார்வையில் செய்திருக்கிறேன். பாக்கி நின்ற மூன்று மாத என்ட்ரியை முடித்துக் கொடுத்த அனுபவமும் உண்டு. இப்போதைய இடத்தில் சொல்லிவிட்டு ஜூலை 22 முதல் வர முடியும். ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: ஜிஎஸ்டி ரிட்டர்ன் உங்கள் ஆபீஸிலேயே போடுகிறீர்களா, ஆடிட்டர் மூலமாகவா? ரெஸ்யூமே இணைத்திருக்கிறேன்.”

“பாக்கி நின்ற என்ட்ரி” என்ற வரி அவர்களுடைய வலியைத் தொடும், குத்திக்காட்டாது. உண்மையாகவே செய்திருந்தால் மட்டும் எழுதுங்கள். வரும் தேதியைச் சொல்வதும் முக்கியம். “உடனே வருகிறேன்” என்று எழுதினால் இருக்கிற இடத்தை அம்போ என்று விட்டுவிட்டு வருகிறவர் என்று நான் நினைப்பேன். ஆடிட்டரா ஆபீஸா என்ற கேள்விக்கு வரும் பதிலில் பொறுப்பின் அளவு தெரிந்துவிடும், கேட்டவருக்கு வேலை தெரியும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

சம்பளம், பெட்ரோல், சனிக்கிழமை எல்லாம் போனிலோ நேரிலோ பேச வேண்டியவை.

பதில் வந்ததும் எதைப் பார்க்கணும்?

“ஆடிட்டர் பார்ப்பார், நீங்கள் ஜேஎஸ்ஓஎன் ஃபைல் வரை தயார் செய்ய வேண்டும்” என்பது போல வந்தால் அங்கே வேலை ஒழுங்காகப் பிரிந்திருக்கிறது. “நேரில் வாங்க, பேசிக்கலாம்” என்பதும் தப்பில்லை, பனியன் கம்பெனி முதலாளிகளில் பலருக்கு டைப் பண்ணும் பழக்கம் இல்லை. போய் அதே கேள்வியை இன்னொரு முறை கேளுங்கள், கூடவே இரண்டு: “முன்பு பார்த்தவர் ஹேண்டோவர் கொடுப்பாரா? ஜிஎஸ்டி லாகின் ஓடிபி இப்போது யார் நம்பருக்கு வருகிறது?”

நேரிலும் பதில் சுற்றி வளைத்தே வந்து, “ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துட்டு நாளைக்கே ஜாயின் பண்ணுங்க” என்றால் எழுந்து வந்துவிடுங்கள். சரிபார்க்க ஜெராக்ஸும், ஒரிஜினலை ஒருமுறை காட்டுவதும் போதும்.

டெபாசிட், டிரெயினிங் ஃபீஸ்னு பணம் கேட்டா?

கொடுக்காதீர்கள், பேச்சையும் அங்கேயே முடித்துவிடுங்கள். ஏமாந்து அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு.

விளம்பரம் நல்லா தெளிவா இருந்தா சந்தேகமே வேண்டாமா?

நான் சமீபத்தில் எழுதியதைச் சொல்கிறேன்: “ஜாப் ஒர்க் பில் என்ட்ரி, மாதம் சுமார் 600 பில். பேங்க் ரீகன்சிலியேஷன். ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஆடிட்டர் ஆபீஸில். சனிக்கிழமை இரவு 9 வரை, ஞாயிறு விடுமுறை. பிஎஃப், இஎஸ்ஐ உண்டு. தற்போது இருப்பவர் ஆகஸ்ட் 15 வரை இருப்பார், அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.” இதற்கு வந்த மெசேஜ்கள் வழக்கத்தைவிடக் குறைவு. சனிக்கிழமை நேரத்தைப் பார்த்துப் பலர் ஒதுங்கியிருப்பார்கள். வந்தவர்களில் ஒருவர் மட்டும் “600 பில்லும் ஒரே யூனிட்டா, பிரித்து வருமா?” என்று கேட்டிருந்தார். நான் அதை எழுதாமல் விட்டிருந்தேன், மூன்று யூனிட்டிலிருந்து வரும். அவரைத்தான் முதலில் கூப்பிட்டேன்.